டெக்னீஷியன் வரும் நாளில் வீட்டிலிருந்து வேலை: மேனேஜரிடம் கேட்க ஒரு முழு வழிகாட்டி

"சார், நாளைக்கு வீட்டுக்கு டெக்னீஷியன் வரார், ஒரு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம் எடுத்துக்கவா?"

இந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிற மேனேஜருக்கு இதில் எந்தத் தகவலும் இல்லை. டெக்னீஷியன் எப்போது வருவார், எவ்வளவு நேரம் இருப்பார், அந்த நேரத்தில் போன் போட்டால் எடுப்பீர்களா, நாளைக்கு முடிக்க வேண்டிய வேலை என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் அவரே ஊகிக்க வேண்டும். வேலை மும்முரத்தில் இருக்கிறவர் நல்லதாக ஊகிக்க மாட்டார். "அரைநாள் லீவு போட்டுக்கோங்க" என்று பதில் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே கேட்பதற்கு முன்னால் அந்த ஊகங்களுக்கு இடமில்லாமல் செய்ய வேண்டும். அதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு பிராட்பேண்ட் வேலை செய்யவில்லை, சரிசெய்ய ஆள் வர வேண்டும். வேண்டுமென்றே இதைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்கும் அதே நாளில் வீட்டில் இணையம் இருக்காது. இந்தச் சிக்கலான நிலைமைக்கே ஒழுங்காகக் கேட்கத் தெரிந்துவிட்டால் வாஷிங் மெஷின், சோபா டெலிவரி எல்லாம் சுலபம்.

1. உண்மையிலேயே ஒரு நாள் தேவையா?

முதல் போன் மேனேஜருக்கு அல்ல, சர்வீஸ் சென்டருக்கு. இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "ஆள் வீட்டுக்குள் வர வேண்டியிருக்குமா?", "எந்தெந்த ஸ்லாட் இருக்கிறது?"

முதல் கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஃபைபர் இணைப்பாக இருந்தால், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் `LOS` என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ பெட்டிக்கு ஒளி சிக்னல் வந்து சேரவில்லை என்று பொருள். கோளாறு தெருவில் வரும் கேபிளிலும் இருக்கலாம், வீட்டுக்குள் வளைந்து போன வயரிலும் இருக்கலாம். வெளியே கேபிள் அறுந்திருந்தால் அவர்கள் வெளியிலேயே சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியதே இல்லை. புகார் கொடுக்கும்போதே விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று சொல்லிவிட்டால், அவர்களாலும் ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும்.

டெலிவரியிலும் இதே கேள்விதான். பொருளை வாங்குபவர் கையெழுத்து போட வேண்டுமா, அடையாள அட்டை காட்ட வேண்டுமா, ஓடிபி சொன்னால் போதுமா? ஓடிபி மட்டும்தான் என்றால் பக்கத்து வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவைத்து, எண்ணைப் போனில் சொல்லிவிடலாம். சின்னப் பார்சல் என்றால் அலுவலக முகவரிக்கே வரவைக்கலாம், அங்கே அதற்கு அனுமதி இருந்தால். ஃபிரிட்ஜ், கட்டில் மாதிரி உள்ளே கொண்டுவந்து வைத்து, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து போட வேண்டிய பொருள் என்றால்தான் ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்கும்போது, "வேற யாரும் வாங்கிக்க மாட்டாங்களா?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்கும். அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

2. காலண்டரைப் பார்த்த பிறகே ஸ்லாட்டைச் சொல்லுங்கள்

சர்வீஸ் சென்டரில் "எப்ப வரட்டும்?" என்று கேட்டதும் "எப்ப முடியுமோ அப்ப" என்று சொல்லிவிடுகிறோம். கேட்பதற்கான பாதி வலு அங்கேயே போய்விடுகிறது. மேனேஜரைப் பொறுத்தவரை எல்லா நாளும் ஒரே நாள் இல்லை.

நம் உதாரணத்தில், கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் திங்கட்கிழமை காலை புகார் கொடுக்கிறார். அவருக்கு மூன்று ஸ்லாட் கிடைக்கிறது: செவ்வாய் மதியம் 2 முதல் 6, புதன் காலை 10 முதல் 2, வியாழன் காலை 10 முதல் 2. அவருடைய காலண்டரில் செவ்வாய் மதியம் 3 மணிக்கு ஒரு சப்ளையர் நேரில் வருகிறார். வியாழக்கிழமை பணம் பட்டுவாடா, காகிதத்தில் கையெழுத்து வாங்கும் நாள், இருந்தே ஆக வேண்டும். புதன்கிழமை 11.30-க்கு டீம் மீட்டிங் மட்டும், அதுவும் பாதிப் பேர் ஆன்லைனில் கலந்துகொள்வது. எனவே புதன். போனை வைப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டதால், மேனேஜரிடம் "இந்த நாள்தான் வேலைக்கு இடைஞ்சல் குறைவு" என்று உண்மையாகவே சொல்ல முடிகிறது.

இரண்டு ஸ்லாட்டும் தோதாக இருந்தால் காலை ஸ்லாட்டை எடுங்கள். ஒரு டெக்னீஷியன் நாள் முழுக்க வீடு வீடாகப் போகிறவர். ஒரு வீட்டில் அரை மணி நேரம் கூடினால் அடுத்த வீடுகள் எல்லாம் தள்ளிப்போகும். மாலை ஆக ஆகத் தாமதம் சேர்ந்துகொண்டே வரும். காலையில் வராமல் போனாலும், அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்க மதியம் முழுக்க மிச்சம் இருக்கும். மாலை 6 மணிக்கு "இன்னைக்கு முடியலைங்க" என்று கேட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அப்புறம், அலுவலகத்தின் விதியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில இடங்களில் வாரத்துக்கு இத்தனை நாள் வீட்டிலிருந்து என்று ஏற்கெனவே இருக்கும். அப்படி இருந்தால் இது கூடுதல் நாளே இல்லை, நாள் மாற்றம் மட்டும்தான். "வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக இந்த வாரம் புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், வெள்ளிக்கிழமை அலுவலகம் வந்துவிடுகிறேன்" என்று கேட்பதற்கு மறுப்பு வருவது அபூர்வம். சில இடங்களில் டீம் முழுக்க அலுவலகத்தில் இருக்க வேண்டிய நாள் என்று ஒன்று உண்டு, அந்த நாளைத் தொடாமல் இருப்பது நல்லது.

3. காத்திருக்கும் நேரம் வேறு, கவனம் போகும் நேரம் வேறு

கேட்பவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஸ்லாட் நான்கு மணி நேரம் என்றால் மேனேஜர் காதில் "நான்கு மணி நேரம் ஆள் கிடைக்க மாட்டார்" என்று விழுகிறது. உண்மையில் அந்த நான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் நீங்கள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல வேலை செய்துகொண்டிருப்பீர்கள். ஆள் வந்த பிறகு போகும் நேரம்தான் இழப்பு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பிராட்பேண்ட் வேலையில் வயரை ஆராய்வது, முனையை வெட்டி மறுபடி இணைப்பது, தேவைப்பட்டால் பெட்டியை மாற்றி செட்டிங் போடுவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரமும் அவர் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை என்றாலும், "பாஸ்வேர்டு என்ன, இந்த ரூமில் பாயின்ட் எங்கே" என்று நடுநடுவே கூப்பிடுவார். முழுக் கவனம் தேவைப்படும் வேலையை அப்போது செய்ய முடியாது. எனவே அந்த ஒரு மணி நேரத்தை இழப்பாகவே கணக்கில் எழுதிவிடுங்கள். சோபா டெலிவரி என்றால் கால் மணி நேரம். சுவரில் துளை போட்டு மாட்டும் வேலை என்றால் துளை போடும்வரை எந்த மீட்டிங்கிலும் வாய் திறக்க முடியாது. எலக்ட்ரீஷியன் என்றால் மெயின் சுவிட்சை அணைப்பார். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தாலும் ரௌட்டர் நின்றுவிடும் என்பது கடைசி நிமிடத்தில்தான் ஞாபகம் வரும்.

இந்தக் கணக்கைப் போடும்போதே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: சில வேலைகளுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கேட்கவே கூடாது. பூச்சி மருந்து அடிக்கிறார்கள், வீட்டை விட்டே சில மணி நேரம் வெளியேற வேண்டும் என்றால் அது லீவு. சமையலறையைப் பெயர்த்து மாட்டுகிறார்கள், நாள் முழுக்க ஐந்து பேர் நடமாடுகிறார்கள் என்றால் அதுவும் லீவுதான். கவனம் போகும் நேரம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அரைநாள் லீவு போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். லீவு நாளை மிச்சம் பிடிப்பதற்காக வேலை நாள் என்று சொல்லிவிட்டு, நாள் முழுக்க சாட்டில் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு தவிப்பதில் லாபம் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வீடு அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஆள் காலை முதல் ஸ்லாட்டில் வருகிறார், கால் மணி நேர வேலை என்றால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பெர்மிஷன் போதும். ஒரு முழு நாளை ஏன் கேட்க வேண்டும்?

4. வீட்டில் வேலை ஓடுமா என்று முன்கூட்டியே சோதியுங்கள்

நம் உதாரணத்தில் அன்றைக்கு நம்பியிருப்பது மொபைல் ஹாட்ஸ்பாட்டை மட்டும்தான். "ஹாட்ஸ்பாட் இருக்கிறது" என்பதும் "ஹாட்ஸ்பாட்டில் என் வேலை ஓடுகிறது" என்பதும் வேறு வேறு. மேனேஜரிடம் கேட்பதற்கு முந்தைய இரவே இதைச் சோதித்துவிட்டால், கேட்கும்போது குரலில் தயக்கம் இருக்காது.

எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறீர்களோ அங்கேயே உட்கார்ந்து, லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அலுவலக விபிஎன்னைப் போடுங்கள். பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் பெரிய கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். அப்புறம் வேறு ஒரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழைத்து, அழைப்பில் இருக்கும்போதே லேப்டாப்பில் ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. போனிலும் சிம்மிலும் 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்ட்டி இயங்கவில்லை என்றால் அழைப்பு வந்ததும் டேட்டா நின்றுபோகும் அல்லது ஆமை வேகத்துக்கு இறங்கும். டெக்னீஷியன் "எந்த வீடு?" என்று கேட்க அழைக்கிறார், நீங்கள் மீட்டிங்கிலிருந்து அறுந்து விழுகிறீர்கள். இது நடக்கிறது என்று தெரிந்தால் இன்னொரு சிம்மையோ வீட்டில் இருக்கும் இன்னொரு போனையோ ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டேட்டா அளவையும் பாருங்கள். வீடியோ மீட்டிங் தரத்தைப் பொறுத்து மணிக்கு அரை ஜிபியிலிருந்து 2 ஜிபி வரை இழுக்கும். வீடியோவை அணைத்துவிட்டுப் பேச்சு மட்டும் என்றால் பெரும்பாலும் 100 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்புள்ள பிளானாக இருந்தால், அன்று காலையிலேயே லேப்டாப் தானாக அப்டேட் எதையும் இறக்காமல் நிறுத்திவையுங்கள்.

இன்னும் ஒன்று: லாகின் செய்யப் பயன்படும் சாவிக் கருவியோ டோக்கனோ மேஜை டிராயரில் இருந்தால் முந்தைய மாலையே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். லேப்டாப் சார்ஜரும் அப்படித்தான்.

5. கேட்பது

நேரில் ஒரு வார்த்தை, அதன் பிறகு எழுத்தில். இதுதான் நல்ல வரிசை. நேரில் சொன்னால் மேனேஜரின் முகத்தில் என்ன கவலை என்று தெரியும். எழுத்தில் இருந்தால் பிறகு "நீங்க எப்ப சொன்னீங்க?" என்ற பேச்சு வராது. அவர் வேறு ஊரில் இருந்தால் நேரடியாக சாட்டிலேயே எழுதலாம்.

ஸ்லாட் உறுதியான அன்றே கேளுங்கள். இரண்டு வேலை நாள் முன்னால் என்றால் நல்லது. காலை வந்ததும் அவர் மெயில் பார்க்கும் நேரத்திலோ, ஏதோ ஒரு பிரச்சினையில் மூழ்கியிருக்கும்போதோ கேட்காதீர்கள். வாராந்தரத் தனி மீட்டிங் இருந்தால் அதன் கடைசி ஐந்து நிமிடம் சரியான இடம். டீம் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்பது மட்டும் வேண்டாம். அங்கே சரி என்று சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று அவர் யோசிப்பார்.

நம் கணக்குப் பிரிவு ஊழியர் திங்கட்கிழமை மதியம் எழுதியது இது:

> வணக்கம் சார். வரும் புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்ய உங்கள் அனுமதி வேண்டும். வீட்டு பிராட்பேண்டைச் சரிசெய்ய ஆள் வருகிறார். காலை 10 முதல் 2 மணிக்குள் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டிய வேலை, அந்த நேரத்தில் வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை.
>
> அவர் வந்த பிறகு ஒரு மணி நேரம் போல என்னால் வேலை பார்க்க முடியாது. அதை மாலை 6-லிருந்து 7-க்குள் ஈடு செய்துவிடுகிறேன். மற்ற நேரம் முழுக்க மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்வேன். நேற்றிரவு விபிஎன் போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாக இயங்குகிறது.
>
> 11.30 மீட்டிங்கில் வீடியோ இல்லாமல் கலந்துகொள்கிறேன். அதே நேரத்தில் ஆள் வந்துவிட்டால் என்று, என் பகுதிக் குறிப்பைச் செவ்வாய் மாலையே உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். வியாழக்கிழமை பட்டுவாடாவுக்கான பட்டியல் புதன் மாலை 5 மணிக்குள் வந்துவிடும்.
>
> புதன்கிழமை தோதுப்படாது என்றால் நாளை மதியம் 12-க்குள் சொல்லுங்கள், ஸ்லாட்டை மாற்றிக்கொள்கிறேன்.

இதில் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஸ்லாட்டை மாற்றுவதற்குச் சர்வீஸ் சென்டரில் ஒரு காலக்கெடு இருக்கும், அதற்கு முன்னால் பதில் தேவை. அதோடு, "முடியாது" என்று சொல்ல அவருக்கு ஒரு வழி விட்டிருக்கிறீர்கள். அந்த வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பல பேர் அதில் போவதில்லை.

எதைச் சேர்க்கவில்லை என்பதையும் பாருங்கள். மூன்று நாளாக இணையம் இல்லாமல் வீட்டில் படும் பாடு, சர்வீஸ் சென்டரில் எத்தனை முறை அலைக்கழித்தார்கள், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு ஆகிய எதுவும் இல்லை. காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. காரணத்தை நீட்டினால் படிப்பவர் அதை எடைபோட ஆரம்பித்துவிடுவார். வேலையைப் பற்றிய பகுதியைத்தான் அவர் எடைபோட வேண்டும்.

"நாள் முழுக்க ஆன்லைனில் இருப்பேன், ஒரு நிமிடம்கூட வீணாகாது" என்றும் எழுதாதீர்கள். யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு மணி நேரம் போகும் என்று நீங்களே சொல்லிவிட்டால், மீதி ஏழு மணி நேரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்புவது எளிது.

கூடப் பழகும் மேனேஜர், பெயர் சொல்லியே கூப்பிடும் இடம் என்றால் இவ்வளவு நீளம் தேவைப்படாது. இப்படிச் சுருக்கலாம்:

> புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்யலாமா? 10–2 ஸ்லாட்டில் பிராட்பேண்ட் சரிசெய்ய ஆள் வருகிறார், அதில் ஒரு மணி நேரம் கிடைக்க மாட்டேன், மாலையில் ஈடு செய்கிறேன். 11.30 மீட்டிங்கில் இருப்பேன், பட்டியல் 5-க்குள் வந்துவிடும்.

நாள், ஸ்லாட், போகும் நேரம், அன்றைய வேலை. இந்த நான்கும் இருந்தால் நீளம் ஒரு பொருட்டில்லை.

அன்று காலையிலேயே ஹீட்டர் உடைந்து வீட்டில் தண்ணீர் ஓடுகிறது மாதிரி அவசரம் என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் போனில் கூப்பிடுங்கள். "இப்ப நிலைமை இது, மதியம் வரை வீட்டில இருந்தாகணும், பத்து மணி மீட்டிங்கை இன்னார் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்" என்று சொன்னால் போதும். அந்த இன்னாரிடம் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

6. பதில் எப்படி வரலாம்

"சரி" என்று வந்தால் நன்றி சொல்லிவிட்டு, அலுவலக வருகைப் பதிவில் அந்த நாளை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொன்ன நாள் பதிவில் ஆப்சென்ட் என்று விழுந்துவிட்டு, மாதக் கடைசியில் ஹெச்ஆருடன் மல்லுக்கட்டுவது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

"அரைநாள் லீவு போடுங்களேன்" என்றால் உடனே முகம் வாட வேண்டாம். அவர் மனதில் அந்த நான்கு மணி நேர ஸ்லாட் முழுக்க இழப்பாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஆள் வந்த பிறகு ஒரு மணி நேரம்தான் சார் போகும், மற்ற நேரம் பட்டியல் வேலைதான் பார்ப்பேன். வேண்டுமானால் ஒரு மணி நேர பெர்மிஷன் போட்டுவிட்டு மீதியை வீட்டிலிருந்து பார்க்கிறேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அதற்கும் லீவுதான் என்றால் லீவு போடுங்கள். ஆனால் லீவு போட்ட அரைநாளில் மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த முறையும் அதுவே வழக்கமாகிவிடும்.

"உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்பது கொஞ்சம் சிரமமான பதில். இதில் வாதாடி ஜெயிக்க முடியாது, ஏனென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்குத் தேவைப்படுவது மற்றவர்களிடம் சொல்ல ஒரு காரணம். "வீட்டுக்குள் வந்து செய்ய வேண்டிய ரிப்பேர், ஸ்லாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டார், நாளை மாற்றவும் தயார்" என்பது யார் கேட்டாலும் பொருந்தும் ஓர் அளவுகோல். அதை அவர் கையில் கொடுங்கள். கூடவே அந்த வாரத்தின் வழக்கமான வீட்டு நாளை விட்டுக்கொடுக்க முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள்.

பதிலே வராமல் இருப்பதுதான் மோசம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். நீங்கள் சொன்ன கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நேரில் போய், "புதன்கிழமை விஷயம் பார்த்தீங்களா சார், ஸ்லாட்டை வைத்துக்கொள்ளட்டுமா, மாற்றட்டுமா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மாதிரி கேளுங்கள். நடந்துபோகும்போதே பதில் சொல்லிவிடுவார்.

முடியாது என்றே சொல்லிவிட்டால், "எந்த நாள் சார் தோதுப்படும்?" என்று கேளுங்கள். மறுப்பு பெரும்பாலும் அந்த நாளுக்குத்தான். எந்த நாளும் இல்லை என்றால் சனிக்கிழமை ஸ்லாட், மாலை ஸ்லாட், நம்பிக்கையான உறவினர் யாராவது என்று வேறு வழி பார்க்க வேண்டியதுதான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருப்பது வேண்டாம். ஏற்கெனவே டெக்னீஷியன் வருகிறார் என்று சொன்னவர், அதே நாளில் காய்ச்சல் என்றால் யாருக்கும் புரிந்துவிடும்.

7. அந்த நாள்

10 மணிக்கு முன்னால் கனமான வேலையை முடித்துவிடுங்கள். நம் ஊழியர் 8 மணிக்கே உட்கார்ந்து பட்டியலில் பாதியை முடித்துவிட்டார். ஸ்லாட் தொடங்கிய பிறகு, எழுந்துபோனாலும் விட்ட இடத்தில் தொடரக்கூடிய வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

போனை சைலன்டில் போடாதீர்கள். தெரியாத எண்ணையெல்லாம் எடுக்கப் பழகிக்கொள்ள வேண்டிய ஒரே நாள் இது. டெக்னீஷியன் வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டு, எடுக்கவில்லை என்றால் "வீட்டில் ஆள் இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அழைப்பு மணி வேலை செய்கிறதா என்றும் காலையில் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

அவர் வந்ததும் மேனேஜருக்கு ஒரு வரி: "ஆள் வந்துவிட்டார், 12.15 வரை கிடைக்க மாட்டேன்." முடிந்ததும் இன்னொரு வரி: "வேலை முடிந்தது, திரும்ப வந்துவிட்டேன்." இந்த இரண்டு வரிக்கும் இடையில் நீங்கள் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை. நாள் முழுக்க அரைமணிக்கொரு முறை தகவல் அனுப்புவதும் வேண்டாம், அது சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

மீட்டிங்கின் நடுவில் ஆள் வந்தால், "டெக்னீஷியன் வந்துவிட்டார், இரண்டு நிமிடம்" என்று சாட்டில் போட்டுவிட்டு மைக்கை அணைத்துவிட்டுப் போங்கள். திறந்து கிடக்கும் லேப்டாப் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள். சம்பள விவரமோ வாடிக்கையாளர் தகவலோ திரையில் இருக்கும் வேலை என்றால் அந்நியர் வீட்டில் இருக்கும்போது அதைத் திறக்கவே வேண்டாம். அது மாதிரிப் பேச்சு நடக்கும் மீட்டிங்கையும் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் சரி.

8. ஆள் வரவில்லை என்றால்

ஸ்லாட் முடிந்த பிறகு புலம்புவதற்குப் பதிலாக, முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். நம் உதாரணத்தில் 1 மணிக்கு. "இன்றைக்கு என் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எனக்கு முன்னால் எத்தனை வீடு?" என்று கேட்டால், "வந்துடுவாங்க சார்" என்பதை விட உருப்படியான பதில் கிடைக்கும். புகார் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

3 மணிக்கு வருவார் என்று சொன்னால் மேனேஜருக்கு உடனே தெரியப்படுத்துங்கள். "ஸ்லாட் 3 மணிக்குத் தள்ளிப்போகிறது. இதுவரை முழு நேரமும் வேலையில்தான் இருந்தேன், பட்டியல் 5-க்குள் வருவதில் மாற்றம் இல்லை." அவருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்று சொல்லிவிட்டால்? நாளை வியாழக்கிழமை, பட்டுவாடா நாள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "நாளைக்கும் வீட்டில இருந்துக்கறேன் சார்" என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். கிடைத்த அனுமதி புதன்கிழமைக்கு மட்டும். இரண்டாவது நாளைப் புதிதாகக் கேட்க வேண்டும், அதுவும் முதல் முறையை விடக் கவனமாக. சர்வீஸ் சென்டரிடம் நாளை என்பதை ஏற்காமல், "நாளை முடியாது, சனிக்கிழமையோ அடுத்த வாரம் செவ்வாய் முதல் ஸ்லாட்டோ கொடுங்கள்" என்று கேளுங்கள். வராமல் போனது அவர்கள் என்பதால் முதல் ஸ்லாட்டை வலியுறுத்திக் கேட்கலாம். சனிக்கிழமை கிடைத்தால் மேனேஜரிடம் இரண்டாவது முறை பேசவே வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் இரண்டாவது முறைக்கு பெர்மிஷனையோ அரைநாள் லீவையோ நீங்களே முன்வந்து சொல்வது நல்லது. வரவில்லை என்பது உங்கள் தவறில்லை, ஆனால் அந்தச் சுமையை மறுபடி அலுவலகத்தின் மேலேயே வைத்தால் மூன்றாவது முறை கேட்கும்போது கதவு திறக்காது.

ஆள் வந்தும் வேலை முடியாமல் போவது இன்னொரு வகை. பெட்டியை மாற்ற வேண்டும், பார்ட் வரணும் என்பார். அவர் கிளம்புவதற்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டியவை: பார்ட் எப்போது வரும், அடுத்த முறை எவ்வளவு நேரம் ஆகும், அப்போதும் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமா? சரியாகிவிட்டது என்று சொன்னாலும் அவர் இருக்கும்போதே ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, லேப்டாப்பைப் புது இணைப்பில் போட்டு, விபிஎன் ஏறுகிறதா என்று பாருங்கள். பெட்டியை மாற்றியிருந்தால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே போடச் சொல்லுங்கள், வீட்டில் இருக்கும் மற்ற கருவிகள் தானாகவே இணைந்துகொள்ளும். அதன் பிறகு புகாரை மூடுவதற்கான ஓடிபியைச் சொல்லுங்கள். ஓடிபியை முதலிலேயே கொடுத்துவிட்டால் புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும், மறுபடி கோளாறு வந்தால் புதிய புகார், புதிய ஸ்லாட், மேனேஜரிடம் இன்னொரு நாள்.